கேஷியர் இல்லாத கவுண்டரில் நாமே பில் போடுவது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் நாமே பில் போடும் இயந்திரத்தை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் திருவனந்தபுரத்து மால் ஒன்றிலோ, வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்திலோதான். வரிசை நீளமாக நிற்கிறது, பக்கத்தில் நாலைந்து இயந்திரம் ஆள் இல்லாமல் சும்மா இருக்கிறது. இருந்தும் யாரும் அங்கே போவதில்லை. ஏதாவது தப்பாகத் தொட்டுவிட்டால் செக்யூரிட்டி வந்து நிற்பாரே என்கிற தயக்கம். அந்த இயந்திரம் எதை வைத்து நம்மைச் சரிபார்க்கிறது என்று தெரிந்துவிட்டால் தயக்கத்தில் பாதி போய்விடும். மீதியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தால் நேர் எதிரே தொடுதிரை இருக்கும். அதற்குக் கீழே ஒரு கண்ணாடிப் பரப்பு, அதுதான் பார்கோடு படிக்கும் ஸ்கேனர். சிலவற்றில் கையில் எடுத்துப் பிடிக்கிற துப்பாக்கி மாதிரியான ஸ்கேனரும் தொங்கும். அதன் ஓரத்தில் பை வைக்க ஒரு தட்டு. புதிதாக வருகிறவர்கள் இந்தத் தட்டைத்தான் கவனிப்பதே இல்லை. பார்க்க வெறும் மேசை மாதிரி இருந்தாலும் அது ஒரு தராசு. நீங்கள் ஒரு பொருளை ஸ்கேன் செய்தவுடன், அந்தப் பொருள் உறையோடு சேர்த்து எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று கடையின் கணினியில் இருக்கும் கணக்கை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பிறகு தட்டில் அதே எடை கூடுகிறதா என்று பார்க்கும். கூடினால் அடுத்த பொருளுக்கு வழி விடும். கூடாவிட்டாலோ, அதிகமாகக் கூடினாலோ நின்றுவிடும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் பாக்கெட் அரை கிலோ இருக்காது, எண்ணெய் மட்டும் 460 கிராம் பக்கம்தான் வரும். இயந்திரத்துக்கு அதுவும் தெரியும்.

ஆக, இயந்திரத்தின் நம்பிக்கை முழுக்க எடையின் மேல். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பின்வரும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி என்று புரியும்.

எல்லாக் கடையிலும் தராசு இருக்கும் என்றில்லை. சில கடைகளில் வெறும் ஸ்கேனரும் திரையும் மட்டும் வைத்துவிட்டு, வாசலில் ஒருவர் பில்லையும் பையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஸ்கேன் செய்த பிறகு திரை ‘பொருளைப் பையில் வையுங்கள்’ என்று கேட்காமல் உடனே அடுத்ததற்குத் தயாரானால் தராசு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்துக்கு வரும் முன்

காய்கறி, பழம், தனியாக அள்ளிப் போடும் பருப்பு, அரிசி இவற்றை அந்தந்தப் பகுதியிலேயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் வரை வந்துவிட்டு மட்டிப்பழத்தைக் கையில் பிடித்தபடி திரும்பி ஓடுகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். அந்த ஸ்டிக்கரில் இருப்பது சாதாரணப் பார்கோடு அல்ல. கடை தானே தயாரித்தது, எடையும் அதற்குள்ளேயே இருக்கும். உதாரணமாக ஒரு ஸ்டிக்கரில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
2100123007509
```

முதலில் உள்ள 21, இது கடைக்குள் போட்ட எண் என்பதைக் காட்டுகிறது. அடுத்த ஐந்து இலக்கம், 00123, மட்டிப்பழத்துக்குக் கடை கொடுத்த எண். அதற்கடுத்த 00750 என்பது 750 கிராம். கடைசி 9, முன்னால் உள்ள எண்களைக் கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்கும் இலக்கம். சில கடைகளில் எடைக்குப் பதில் விலையை அதே இடத்தில் வைப்பார்கள். இதைத் தெரிந்து வைப்பதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு பைக்குள் இன்னும் இரண்டு பழம் போட்டால் பில்லில் 750 கிராம்தான் வரும், தட்டில் 900 காட்டும், இயந்திரம் நின்றுவிடும். நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும். கூடுதலாக எடுத்தால் மறுபடி எடை போட்டுப் புது ஸ்டிக்கர் வாங்குங்கள், பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டு ஸ்டிக்கரும் ஒரே பையில் இருந்தால் ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

பார்கோடு கிழிந்த பொருள், திருட்டுத் தடுப்பு வில்லை மாட்டிய துணிமணி, கிஃப்ட் கூப்பன், மாற்றிக் கொடுக்க வேண்டிய பழைய பொருள் இவை இருந்தால் நேராக ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போவது நல்லது. ரொக்கமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும் அப்படியே. இங்கே பெரும்பாலான இயந்திரங்கள் நோட்டு வாங்குவதில்லை.

பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தும் கேரளத்தில் 2020 ஜனவரியிலிருந்தும் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், நம்மில் பலரும் துணிப்பையோடுதான் போகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தத் துணிப்பையே முதல் சிக்கலைக் கொண்டுவரும். தட்டில் பையை வைத்ததும், ஸ்கேன் செய்யாத ஏதோ ஒன்று வந்துவிட்டதாக இயந்திரம் நினைக்கும். தொடங்கும்போதே திரையில் Own Bag என்று ஒரு பொத்தான் வரும். முதலில் அதைத் தொட்டு, பிறகு காலிப் பையைத் தட்டில் வைத்தால், பையின் எடையைக் கழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பை காலியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பைக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் கிடந்தால் சில இயந்திரங்கள் இதற்கே ஆளைக் கூப்பிடும்.

அந்தப் பொத்தான் இல்லாத இயந்திரமா? பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, பணம் கட்டி முடித்த பிறகு பொருள்களை அடுக்குங்கள்.

தொலைபேசி எண்ணைக் கேட்கும் திரையும் இந்த இடத்தில்தான் வரும். அது கடையின் பாயிண்ட் கணக்குக்காக. வேண்டாம் என்றால் Skip. எண் கொடுக்காவிட்டாலும் பில் வரும்.

ஸ்கேன் செய்வது

பார்கோடு உள்ள பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி, ஒரு சாண் உயரத்தில் மெதுவாக நகர்த்தினால் போதும். கண்ணாடியில் வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. பீப் என்று சத்தம் வந்ததும் திரையைப் பாருங்கள். பெயரும் விலையும் வந்திருக்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்து இயந்திரத்தின் பீப்பும் அதே சத்தம்தான்.

படிக்க மறுக்கும் பொருள்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான். எண்ணெய், பால் பாக்கெட்டுகளில் உறை சுருங்கியிருக்கும், இரண்டு கையாலும் இழுத்துத் தட்டையாக்கிக் காட்டுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்த பாக்கெட்டில் பனித்துளி படிந்திருக்கும், துடைத்துவிட்டுக் காட்டுங்கள். எதற்கும் மசியாவிட்டால் கோடுகளுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் 13 இலக்க எண்ணைத் திரையில் தட்டலாம். இந்திய நிறுவனங்கள் பதிந்து வாங்கிய எண் பெரும்பாலும் 890 என்று தொடங்கும்.

சோப்பு வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நான்கு சோப்பை ஒன்றாகக் கண்ணாடித்தாளில் சுற்றிய பேக்கில், வெளித்தாளில் ஒரு பார்கோடு இருக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சோப்பிலும் தனித்தனிப் பார்கோடு இருக்கும், அது தாளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். ஸ்கேனர் உள்ளே இருப்பதைப் படித்துவிட்டால் ஒரு சோப்பின் விலை விழும், தட்டிலோ நான்கின் எடை. பேக்கின் மேல் ஒட்டிய பெரிய பார்கோடைத் தேடி, மற்றதை உள்ளங்கையால் மறைத்துக் காட்டுவதுதான் வழி.

ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் அதை உடனே தட்டில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, திரை மாறும் வரை ஒரு நொடி பொறுத்து, அடுத்ததை எடுங்கள். வேகமாகச் செய்கிறேன் என்று இரண்டு பொருளை அடுத்தடுத்து ஸ்கேன் செய்து சேர்த்து வைத்தால் கணக்கு குழம்பும். ஒரே பிஸ்கட் பாக்கெட் ஆறு என்றாலும் ஆறு தடவை காட்டுவதே பாதுகாப்பு.

பத்துக் கிலோ, 25 கிலோ அரிசி மூட்டையை ட்ராலியின் கீழ்த்தட்டிலிருந்து தூக்க வேண்டாம். கையில் பிடிக்கும் ஸ்கேனரால் அங்கேயே காட்டிவிட்டு, பையில் வைக்கவில்லை என்று சொல்லும் பொத்தானைத் தொட்டால் போதும், அல்லது பணியாளரிடம் சொன்னால் விட்டுத் தருவார். கீழே கிடப்பதால் மறந்துபோகும் பொருளும் இதுதான். தராசுக்கும் தெரியாது, வாசலில்தான் தெரியும். எனவே முதலில் அதை முடித்துவிடுங்கள்.

நின்றுவிட்டால்

தக்கலை மாமியோடு ஒருமுறை போயிருந்தேன். துவரம்பருப்பு, எண்ணெய் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரை சிவந்து Unexpected item in the bagging area என்று வந்தது, மேலே கம்பத்தில் விளக்கும் சிவப்பானது.

“மக்ளே, இது என்னத்துக்குக் கத்துது? நான் ஒண்ணும் எடுக்கலயே!” என்றார் மாமி.

பணியாளர் பெண் வந்து திரையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். “அம்மா, உங்க கைப்பையைக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க” என்றார். மாமி பர்ஸைத் தேடுவதற்காகக் கைப்பையைத் தட்டின் ஓரத்தில் சாய்த்திருந்தார், அவ்வளவுதான். எடுத்ததும் திரை தானாகப் பழைய நிலைக்கு வந்தது.

அந்தப் பெண் செய்ததையே நீங்களும் செய்யலாம். நின்றுவிட்டால் முதலில் தட்டைப் பாருங்கள். யாராவது கை ஊன்றியிருக்கிறார்களா, குழந்தை எட்டிப் பிடித்திருக்கிறதா, போன் வைத்திருக்கிறோமா? அப்படி எதுவும் இல்லை என்றால் கடைசியாக ஸ்கேன் செய்த பொருளைத் திரும்பத் தூக்கி, மறுபடி வையுங்கள். ஐந்து கிராம் மசாலாப் பாக்கெட், ஒரு கொத்துக் கறிவேப்பிலை மாதிரி மிக இலேசான பொருளைத் தராசு உணராமல் ‘இன்னும் வைக்கவில்லை’ என்று காத்திருக்கும். அப்போது அதை மற்ற பொருளின் மேல் வைக்காமல் தட்டில் நேரடியாக வைத்துப் பாருங்கள். இலவசமாக டப்பாவோ குவளையோ சேர்த்துக் கட்டிய பொருளில் எடை ஒத்துவராதது சகஜம். கணினியில் இலவசத்தின் எடையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பணியாளர் வந்தே ஆக வேண்டும். தவறுதலாக ஸ்கேன் செய்ததை நீக்கவும் பெரும்பாலும் அவருடைய அட்டையோ கடவுச்சொல்லோ தேவைப்படும். சிவப்பு விளக்கு உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, அவரைக் கூப்பிடுவதற்காகத்தான் எரிகிறது. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

முக்கியமான இன்னொன்று. பணம் கட்டி முடியும் வரை தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பை நிறைந்துவிட்டால்கூடக் கேட்டுவிட்டு எடுங்கள்.

தராசுக்குத் தெரியாத ஒன்று: எம்.ஆர்.பி.

எடை பார்ப்பதில் இயந்திரம் கெட்டி. விலை பார்ப்பதில் அப்படி இல்லை. நம் ஊரில் ஒரே பொருள், ஒரே பார்கோடு, ஆனால் பழைய சரக்கில் ஒரு எம்.ஆர்.பி., புதுச் சரக்கில் இன்னொன்று என்று அலமாரியில் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும். நிறுவனம் விலையை மாற்றும்போது பார்கோடை மாற்றுவதில்லை என்பதுதான் காரணம். ஆள் இருக்கும் கவுண்டரில் கேஷியர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, திரையில் வரும் இரண்டு விலையில் சரியானதைத் தேர்வார். நாமே பில் போடும்போது அந்த வேலை நம்முடையது. நல்ல மென்பொருள் என்றால் இரண்டு விலையையும் காட்டி எது என்று கேட்கும். சில, கேட்காமல் ஒன்றைப் போட்டுவிடும். எடை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் தராசு சந்தேகப்படாது.

மாமியின் பில்லையே எடுத்துக்கொள்வோம். விலைகளை எளிமைக்காக முழு எண்ணாக வைக்கிறேன். ஒரு கிலோ துவரம்பருப்பு 170 ரூபாய். அரை லிட்டர் எண்ணெய் இரண்டு, ஒன்று 230 வீதம் 460. சோப்பு பேக் 150. மட்டிப்பழம் கிலோ 80 வீதம் 750 கிராமுக்கு 60. கால் கிலோ தேயிலை. கூட்டுத்தொகை 935 என்று காட்டியது. மாமி அதற்குள் மனக்கணக்குப் போட்டிருந்தார். “928தானே வரணும்?” என்றார். பார்த்தால் தேயிலைக்கு 95 விழுந்திருக்கிறது, கையில் இருந்த பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது 88. ஏழு ரூபாய்தான். ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை, எல்லா வரியும் அதற்குள்ளேயே அடக்கம். பணியாளரைக் கூப்பிட்டுப் பாக்கெட்டைக் காட்டினோம், திருத்திக் கொடுத்தார். பணம் கட்டும் முன்னால் கேட்டால் இது அரை நிமிட வேலை. கட்டிய பிறகு என்றால் வாடிக்கையாளர் சேவை மேசையில் போய் நிற்க வேண்டும். அங்கேயும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆகவே Pay தொடும் முன் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒப்பிட நேரமில்லை என்றால் தேயிலை, எண்ணெய், ஷாம்பு, பற்பசை மாதிரி அடிக்கடி விலை மாறுகிறவற்றை மட்டுமாவது பாருங்கள்.

பணம் கட்டுவது

யு.பி.ஐ. தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு கியூ.ஆர். வரும். அது அந்த ஒரு பில்லுக்காக மட்டும் உருவானது. போனில் ஸ்கேன் செய்ததும் தொகை தானாக வந்து நிற்க வேண்டும், கடையின் பெயரும் தெரிய வேண்டும். தொகையை நீங்களே தட்டச் சொன்னால் அது இந்தப் பில்லின் கியூ.ஆர். அல்ல. இயந்திரத்தின் ஓரத்தில் யாரோ ஒட்டிய காகித ஸ்டிக்கரை ஸ்கேன் செய்திருக்கலாம், பணம் அனுப்பாதீர்கள்.

பின் எண்ணைப் போட்டபின் போனில் பச்சை டிக் வந்துவிடும், இயந்திரம் சில நொடி தாமதமாகவே மாறும். அதற்குள் பதறி இரண்டாவது முறை கட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. மாலின் கீழ்த்தளத்தில் சிக்னல் இருக்காது, இன்னும் நேரமாகும். போனில் பணம் போய்விட்டது, இயந்திரமோ தோல்வி என்கிறது என்றால் யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க UTR எண்ணைப் பணியாளரிடம் காட்டுங்கள். கடைக்குப் பணம் வந்து சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதிப்படி ஐந்து நாளுக்குள் அது உங்கள் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அன்றைய பொருளை எடுத்துச் செல்ல வேறு வழியில் கட்ட வேண்டியிருக்கும், அது எரிச்சல்தான்.

கார்டு என்றால் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் தட்டினாலே போதும். பில்லைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவு திறக்க அதிலிருக்கும் கோடைக் காட்ட வேண்டியிருக்கலாம், அல்லது காவலர் துளையிட்டுத் தருவார்.

ஸ்மார்ட் ட்ராலி

மேலே சொன்ன தராசையும் ஸ்கேனரையும் அப்படியே தள்ளுவண்டிக்குள் இறக்கிவிட்டால் அதுதான் ஸ்மார்ட் ட்ராலி. கைப்பிடிக்கு மேல் ஒரு சின்னத் திரை, பக்கத்தில் ஸ்கேனர், கூடையின் அடியில் தராசு. சில வகையில் கேமராவும் சேர்ந்து நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று பார்க்கும்.

திரையில் உள்ள கியூ.ஆரைப் போனால் ஸ்கேன் செய்தோ எண்ணைத் தட்டியோ வண்டியைத் தொடங்க வேண்டும். காலிப் பையைக் கூடையில் விரிப்பதற்குச் சரியான நேரமும் அதுதான். அப்படி விரித்துவிட்டால் பொருள்கள் நேராகப் பைக்குள் போகும், கடைசியில் மறுபடி அடுக்கும் வேலை இல்லை. இதுதான் ட்ராலியின் உண்மையான சௌகரியம் என்பது என் கருத்து, வரிசை மிச்சமாவது இரண்டாம்பட்சம். திரையில் தொகை ஓடிக்கொண்டே இருப்பதால் பட்ஜெட்டோடு வருகிறவர்களுக்கும் உதவி.

அலமாரியிலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்து, கூடையில் வைக்க வேண்டும். வண்டி ஓடும்போது தராசு ஆடும், எனவே நிறுத்திவிட்டு வையுங்கள். வேண்டாம் என்று ஒன்றைத் திருப்பி வைக்கும்போது சும்மா எடுத்துவிடக் கூடாது. திரையில் நீக்கும் பொத்தானைத் தொட்டு, அதே பொருளை மறுபடி ஸ்கேன் செய்து, பிறகு வெளியே எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கை மறப்பதால்தான் ட்ராலி அதிகம் கத்துகிறது. குழந்தையை அதில் உட்கார வைக்கவே முடியாது. உங்கள் பக்கத்தில் வருகிறவர் ‘இதையும் போடு’ என்று ஒன்றைத் தூக்கி உள்ளே போடுவதும் ஆகாது, யாராவது ஒருவர்தான் கூடையைக் கவனிக்க வேண்டும்.

துணிக்கடை, விளையாட்டுப் பொருள் கடை சிலவற்றில் ஸ்கேன் செய்யும் வேலையே இல்லை. டெகத்லான் கடைகளில் ஒவ்வொரு பொருளின் விலைச்சீட்டிலும் ரேடியோ சில்லு இருக்கும். கூடையில் உள்ளதைப் பெட்டிக்குள் போட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் திரையில் வந்துவிடும். அதையே மளிகைக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். உலோக டப்பாவும் தண்ணீர் நிறைந்த பொருளும் ரேடியோ அலையைக் கெடுக்கும். பத்து ரூபாய் பாக்கெட் ஒவ்வொன்றிலும் சில்லு ஒட்டுவதும் கட்டுப்படியாகாது.

ட்ராலியில் பணம் கட்டுவது அதன் திரையிலேயே நடக்கும், அல்லது அதற்கென்று உள்ள பாதையில் தள்ளிச் சென்று கட்டலாம். சில இடங்களில் பணியாளர் இரண்டு மூன்று பொருளை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்பார், எல்லோருக்கும் செய்வதுதான். பார்க்கிங் வரை இந்த வண்டியைக் கொண்டுபோக விடமாட்டார்கள், பையை இறக்கிச் சாதாரண ட்ராலிக்கு மாற்ற வேண்டும். விடும் முன் திரை பழைய வரவேற்புப் படத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் உங்கள் எண்ணிலேயே வண்டி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். வெளியேறும் பொத்தானைத் தொட்டு முடித்துவிடுங்கள்.